இளைஞர் காட்டும் பணிவை நட்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய முத்திரை, 14 ஜூலை 2024

எனக்கு வயது 67. சப் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் தனியாகத் தங்கியிருக்கும் 26 வயது இளைஞர் ஒருவர், கடந்த ஏழு மாதங்களாக ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு என் வீட்டுக்கு வந்து சதுரங்கம் ஆடுகிறார். நான் உட்காரச் சொல்லும்வரை அவர் நின்றுகொண்டே இருப்பார். காபி குடித்த டம்ளரைத் தாமே எடுத்துச் சென்று கழுவும் தொட்டியில் வைப்பார். நான் சொல்லும் எதையும் மறுத்துப் பேசியதில்லை. என் உடல்நலத்தைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. தம்மைப் பற்றியும் தாமாக ஒன்றும் சொன்னதில்லை. வாட்ஸ்அப்பில் நான் நான்கு வரி எழுதினால், பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வரும்.

என் மனைவி இதை நட்பு என்கிறார். எனக்கு ஐயமாக இருக்கிறது. மேலதிகாரிக்கு வணக்கம் வைப்பவர்களை வேலைக்காலம் முழுவதும் பார்த்தவன் நான். கிழவரைத் தனியே விடக்கூடாது என்ற இரக்கத்தில்தான் வருகிறாரோ என்றும் தோன்றுகிறது. என் வயதுள்ள ஒருவர் இப்படி நடந்துகொண்டால், அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று ஒரே வாரத்தில் முடிவு கட்டியிருப்பேன். இடையில் 41 ஆண்டுகள் இருக்கும்போது அதே செய்கைகளை எப்படிப் படிப்பது?

சதுரங்கப் புலி, 14 ஜூலை 2024

பணிவாக ஆடும் எதிராளியை நம்பக் கூடாது. அவர் உங்களைப் பொறுமை இழக்க வைக்கப் பார்க்கிறார். ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்குங்கள். ஆட்டம் திறந்துகொள்ளும், அவர் குணமும் தெரிந்துவிடும். வெள்ளைக் காய் யாருக்கு?

பழைய முத்திரை, 14 ஜூலை 2024

மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறோம். நான் கேட்டது ஆட்டத்தைப் பற்றி அல்ல.

மூன்றாம் மருமகள், 15 ஜூலை 2024

என் மாமியாருக்கு 74 வயது. மூத்த மருமகள்கள் இருவரையும் "வாம்மா, உட்காரும்மா" என்று அழைப்பார்; என்னை மட்டும் "ஏண்டி, இங்க வாடி" என்பார். மூன்று ஆண்டுகள் அதை நினைத்து அழுதிருக்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்து அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, மற்ற இருவரும் அறைக்குள்ளேயே இருக்க, தலைவாரிப் பின்னிவிட என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். "அதுங்ககிட்ட எப்படிடி கேக்கறது" என்றார். அந்த "டி"யை நான் அதுவரை தவறாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

மொழிப்பித்தன், 15 ஜூலை 2024

மேலே உள்ள அம்மையாரின் கதையிலேயே முத்திரை ஐயாவுக்குப் பாதி விடை இருக்கிறது. அதை மறுபுறமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஒருவரைப் பன்மையில் குறிப்பது வழக்கில் உண்டு, ஆனால் இலக்கண நெறிப்படி அமைந்தது அன்று என்று தொல்காப்பியமே சொல்லதிகாரத்தில் கூறுகிறது. அதாவது பன்மையால் காட்டும் மரியாதை அப்போதே மக்கள் வாயில் புழங்கிய ஒன்று. 1960-இல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் ஐரோப்பிய மொழிகளின் "நீ", "நீங்கள்" பற்றி எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. உயர்ந்தவர் "நீ" என்பதும் தாழ்ந்தவர் "நீங்கள்" என்பதும் ஒரு முறை. நெருங்கியவர்கள் இருவரும் "நீ" என்பதும் அயலார் இருவரும் "நீங்கள்" என்பதும் இன்னொரு முறை. ஐரோப்பாவில் முதல் முறை தேய்ந்து இரண்டாவது மேலோங்கியது என்பது அவர்கள் கண்டது. ஜெர்மானியரிடையே, இனி "நீ" என்றே பேசிக்கொள்வோம் என்று வயதில் மூத்தவர் முன்மொழிவார். அதன்பின் இருவருமே அப்படிப் பேசுவார்கள்.

தமிழில் அந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். மூத்தவர் "நீங்கள்" என்பதிலிருந்து "நீ"க்கு இறங்கலாம். இளையவர் எவ்வளவு நெருங்கினாலும் இறங்க முடியாது. ஆகவே அந்த இளைஞரின் "நீங்கள்", எழுந்து நிற்றல், மறுத்துப் பேசாமை ஆகிய மூன்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்களைப் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் அவர் அதைத்தான் செய்வார். செய்தே தீரவேண்டிய ஒன்றில் மனம் தெரியாது. கட்டாயமில்லாத ஏதாவது ஒன்றைச் செய்கிறாரா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி என்பது 26 வயதுக்காரருக்கு என்ன விலை என்று எண்ணிப் பார்த்தீர்களா?

கொங்குக்காரன், 15 ஜூலை 2024

எங்கள் பக்கத்தில் பத்து வயதுப் பையனையும் "வாங்க கண்ணு, சாப்பிடுங்க சாமி" என்றுதான் அழைப்போம். இதைக் கேட்டு நெகிழ்ந்துபோன சென்னை நண்பர் ஒருவர், என் அப்பாவுக்குத் தம்மீது தனிப் பாசம் என்று ஓராண்டு நம்பியிருந்தார். அப்பாவுக்கு அவர் பெயரே நினைவில்லை.

யாழ்வாசி, 16 ஜூலை 2024

கதவு ஒரு பக்கம்தான் திறக்கும் என்பது முழுவதும் சரியன்று. யாழ்ப்பாணத்தில் "நீ"க்கும் "நீங்கள்" என்பதற்கும் நடுவில் "நீர்" இருக்கிறது. என் பேராசிரியர் என்னை முதலாண்டில் "நீங்கள்" என்றும், மூன்றாம் ஆண்டில் "நீர்" என்றும் அழைத்தார். அந்த ஒரு படி இறக்கத்தைப் பட்டம் வாங்கியதைவிடப் பெரிதாக எண்ணினேன். நான் அவரை இன்றும் "நீங்கள்" என்றுதான் அழைக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அம்மா தம் பிள்ளைகளையே "நீங்கள்" என்று அழைப்பார். அதில் தூரம் எதுவும் இல்லை.

மொழிப்பித்தன், 16 ஜூலை 2024

ஏற்றுக்கொள்கிறேன், படிகள் மூன்றாக இருந்தாலும் இறங்குபவர் மூத்தவர்தான் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொங்குக்காரர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த இளைஞர் எந்த ஊர்க்காரர், அவர் வீட்டில் மற்ற பெரியவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று தெரியாமல் எதையும் அளக்க முடியாது.

பழைய முத்திரை, 21 ஜூலை 2024

அவருக்கு விருதுநகர்ப் பக்கம். வேறு பெரியவர்களிடம் எப்படி என்பதற்கு ஒரு சான்றுதான் இருக்கிறது: எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் வரும்போதும் எழுந்து நிற்கிறார், ஆனால் அவர் வீட்டுக்குப் போவதில்லை.

இன்று நானாக ஒரு சோதனை செய்தேன். கதவு என் பக்கம்தான் திறக்கும் என்றால் நானே முழுவதுமாகத் திறந்துவிடலாம் என்று எண்ணி, "இனி சார் என்று அழைக்க வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்" என்றேன். "சரிங்க சார்" என்றார்.

மூன்றாம் மருமகள், 21 ஜூலை 2024

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, ஐயா.

பழைய முத்திரை, 28 ஜூலை 2024

சோதனையின் முடிவு நல்லதாக இல்லை. இன்று அவர் என்னை எந்தப் பெயராலும் அழைக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், நான் பலகையிலிருந்து தலை நிமிரும்வரை காத்திருந்து, என் கண்ணைப் பார்த்த பிறகே பேசினார். இரண்டு மணி நேரத்தில் "சார்" என்றும் இல்லை, "அங்கிள்" என்றும் இல்லை, என் பெயரும் இல்லை. புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். நானும் சிரித்து வழியனுப்பினேன். முன்பு இருந்த சகஜமும் போய்விட்டதாகவே உணர்கிறேன்.

பழைய முத்திரை, 4 ஆகஸ்ட் 2024

மணி ஆறு. அவர் வரவில்லை, செய்தியும் இல்லை. ஏழு மாதத்தில் இதுவே முதல் முறை.

இரவுப்பணி, 5 ஆகஸ்ட் 2024

எனக்கு 25 வயது. ஏறக்குறைய அவருடைய இடத்தில் இருப்பவன். நீங்கள் கொடுத்தது சலுகை என்று நினைக்கிறீர்கள். எங்களுக்கு அது தண்டனை. உங்கள் பெயரை அவர் சொல்லி, அது உங்கள் மனைவி காதில் விழுந்தால் அவர் என்ன நினைப்பார் என்ற கவலையை யார் சுமப்பது? அழைப்பே இல்லாமல் இரண்டு மணி நேரம் சமாளித்தார் என்றால், உங்கள் சொல்லையும் மீறாமல் தம் வளர்ப்பையும் மீறாமல் நடுவில் நின்று பாடுபட்டிருக்கிறார். எனக்கு அதில் அக்கறைதான் தெரிகிறது.

கட்டைவிரல் படத்துக்கு வருகிறேன். என் நண்பர்களுக்குள் யாராவது அதை மட்டும் அனுப்பினால், பேச்சை முடித்துக்கொள்கிறார் என்று பொருள். கொஞ்சம் முகத்தில் அடித்தது போலவும் இருக்கும். என் மேலாளருக்கும் அப்பாவுக்கும் நானே அனுப்பும்போது "பார்த்துவிட்டேன், அப்படியே செய்கிறேன்" என்று பொருள். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் இந்தப் படத்தை வைத்து வழக்கே நடந்தது: தானிய ஒப்பந்தம் கைக்கு வந்தது என்பதற்காக மட்டுமே அனுப்பினேன் என்று விவசாயி சொல்ல, அது ஒப்புதல்தான் என்று 2023-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியவர்களுக்கு நாங்கள் படம் அனுப்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொல் எழுதினால் "சரிங்க" என்பதா, "ஓகே" என்பதா, "நன்றி ஐயா" சேர்ப்பதா என்று யோசிக்க வேண்டும். படத்துக்கு மரியாதை விகுதி கிடையாது.

உங்கள் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் செய்தியில் ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளி வைப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். "வாருங்கள்." என்று புள்ளியோடு வந்தால், ஏதோ கோபம் என்று நாங்கள் நடுங்குவோம்.

மொழிப்பித்தன், 5 ஆகஸ்ட் 2024

இது வெறும் மனப்பிரமை அன்று. நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. கைப்பேசிச் செய்தியில் ஒற்றைச்சொல் பதில் புள்ளியோடு முடிந்தால், அதில் மனம் குறைவாக இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய துண்டுச்சீட்டில் காட்டியபோது புள்ளியால் வேறுபாடு தெரியவில்லை. மாணவர்கள் மட்டுமே பங்கெடுத்த ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது. 67 வயதுக்காரர்களிடம் கேட்டிருந்தால் புள்ளி இல்லாததைத்தான் குறை சொல்லியிருப்பார்கள்.

பழைய முத்திரை, 5 ஆகஸ்ட் 2024

தந்தி காலத்தில் சொல்லுக்குக் காசு வாங்கியவன் நான். புள்ளி வைக்காமல் விட என் கை வராது.

அரைக்கிணறு, 6 ஆகஸ்ட் 2024

இவ்வளவு மொழி ஆராய்ச்சி தேவையில்லை. வயதானால் முகத்தைப் படிக்கும் திறன் மங்கிவிடும் என்பது அறிவியல் கண்ட உண்மை. முதியவர்களுக்குச் சிரிப்பும் சீற்றமும் ஒன்றாகத் தெரியும். அந்த இளைஞர் எத்தனையோ முறை நட்பாகச் சிரித்திருப்பார்; ஐயாவின் மூளை அதைப் பதிவு செய்திருக்காது. அவ்வளவுதான்.

செவித்திறன், 7 ஆகஸ்ட் 2024

அரைக்கிணறு பாதிக்கிணறு தாண்டியிருக்கிறார். நான் காது கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் வேலையில் இருப்பவள். நாள் முழுவதும் முதியவர்களோடும், அவர்களை அழைத்து வரும் பிள்ளைகளோடும் பேசுகிறேன்.

வயது ஏற ஏறக் கோபம், சோகம், அச்சம் ஆகியவற்றை முகத்தில் அடையாளம் காண்பது சராசரியாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் காட்டினார்கள். மகிழ்ச்சியைப் படிப்பதில் இறக்கம் மிகச் சிறியது. உண்மைச் சிரிப்பையும் ஒப்புக்குச் சிரிப்பதையும் பிரித்தறிவதில் முதியவர்கள் இளையவர்களுக்குச் சளைக்கவில்லை என்று காட்டிய சோதனைகளும் உண்டு. எனவே சிரிப்பும் சீற்றமும் ஒன்றாகத் தெரியும் என்பது தவறு.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை: இடர் மறுபக்கமும் இருக்கிறது. முதிய முகத்தைப் படிக்க இளையவர்களும் திணறுகிறார்கள். வாயோரம் கீழ்நோக்கி இறங்கிய கோடும் புருவ நடுவில் விழுந்த மடிப்பும், ஒன்றும் நினைக்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியவரைச் சலித்துக்கொள்பவர் போலக் காட்டிவிடும். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு முகத்தசைகளே சரியாக அசையாது. "அப்பாவுக்கு எங்கள் மேல் பாசமே போய்விட்டது" என்று மகள்கள் அழுவதைக் கண்டிருக்கிறேன்.

ஐயாவிடம் நான் கேட்க விரும்புவது வேறு. 28ஆம் தேதிக் குறிப்பில், வாசலில் அவர் "ஏதோ சொன்னார், நானும் சிரித்து வழியனுப்பினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னார்?

பழைய முத்திரை, 7 ஆகஸ்ட் 2024

தெரியாது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

செவித்திறன், 7 ஆகஸ்ட் 2024

நான் ஐயப்பட்டது அதுதான். வயதோடு வரும் கேள்குறையில் முதலில் போவது உயர்ந்த சுரங்கள். உயிரெழுத்துகள் தாழ்ந்த சுரத்தில் உரக்க ஒலிப்பதால் காதில் விழும். க, ச, த, ப போன்றவற்றின் கூர்மை போய்விடும். பேசுகிறார் என்பது நன்றாகத் தெரியும், என்ன பேசுகிறார் என்பது கரைந்துவிடும். அதனால்தான் "எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் முணுமுணுக்கிறார்கள்" என்று எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். விசிறிச் சத்தம் சேர்ந்தால் இன்னும் மோசம். உதட்டைப் பார்த்து ஈடுசெய்வார்கள்; பேசுபவர் குனிந்துவிட்டால் அதுவும் கைவிடும்.

இரண்டு முறை "என்ன?" என்று கேட்டபின் மூன்றாம் முறை கேட்க வெட்கப்பட்டு எல்லாரும் செய்வது ஒன்றுதான்: சிரித்துத் தலையாட்டுவது. கேட்டுச் சிரிப்பவருக்குச் சிரிக்கவேண்டிய சொல் வந்தவுடன் முகம் மலரும். கேளாமல் சிரிப்பவருக்கு, எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்திய பிறகுதான் மலரும். ஐயம் இருந்தால் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். ஐயா, நீங்கள் ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள்.

சதுரங்கப் புலி, 8 ஆகஸ்ட் 2024

முதல் நாள் நான் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன்: ஏழு மாதத்தில் யார் அதிகம் வென்றது?

பழைய முத்திரை, 8 ஆகஸ்ட் 2024

நான். குறித்து வைத்திருக்கிறேன், 58 ஆட்டங்களில் 51 எனக்கு, 4 அவருக்கு, 3 சமம்.

நீங்கள் கேட்டதால் ஒன்றைச் சொல்கிறேன். ஜூன் மாதத்தில் ஒரு நாள், அவருடைய குதிரை ஒரு முறை பாய்ந்தால் என் ராஜாவுக்குச் செக், அதே பாய்ச்சலில் என் ராணியும் போய்விடும் என்ற நிலை. நான் ராணியை நகர்த்திக் கையை எடுத்த பிறகுதான் அதைக் கண்டேன். அவர் கை குதிரையை நோக்கி வந்தது. குதிரையின் காதுக்கு மேலாக விரல் நின்றது, தொடவில்லை. பிறகு ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். அவர் பார்க்கவில்லை போலும் என்று மகிழ்ந்தேன்.

சதுரங்கப் புலி, 8 ஆகஸ்ட் 2024

பார்க்காதவர் விரல் அங்கே நிற்காது. ஆனால் ஒரு நிகழ்ச்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள். நகர்த்தல்களை எழுதி வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். திறமை குறைந்தவர் ஆட்டம் முழுவதும், தோற்கும் நிலையிலும்கூட, பிழை செய்வார். வேண்டுமென்றே தோற்பவர் முப்பது நகர்த்தல்வரை துல்லியமாக ஆடி, வெற்றி கைக்கு வந்தவுடன் மட்டும் தடுமாறுவார். என் தாத்தாவிடம் நான் அப்படித்தான் தோற்றேன். அவர் இறந்த பிறகு வருந்தினேன். அவர் என்னிடம் ஒரு முறைகூட உண்மையான ஆட்டம் ஆடவில்லை.

பழைய முத்திரை, 11 ஆகஸ்ட் 2024

இன்றும் வரவில்லை. எழுதி வைத்திருந்த 22 ஆட்டங்களை எடுத்துப் பார்த்தேன். புலி சொன்னபடி வெற்றி கைக்கு வந்து தடுமாறியவை ஒன்பது. மற்றவற்றில் நானும் நன்றாகத்தான் ஆடியிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் கோபம்தான் வந்தது: குழந்தைக்கு விட்டுக்கொடுப்பது போல எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். பிறகு, பணியில் இருந்த காலத்தில் கண்காணிப்பாளரோடு கேரம் ஆடும்போது நான் எத்தனை முறை சிவப்புக் காயைத் தவறவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. அவரை எனக்குப் பிடிக்காது. ஆகவே விட்டுக்கொடுத்தல் என்பதும் மொழிப்பித்தர் நீக்கச் சொன்ன பட்டியலில்தான் சேரும் போலிருக்கிறது.

இரவுப்பணி, 11 ஆகஸ்ட் 2024

கண்காணிப்பாளரிடம் உங்களுக்கு வேலை இருந்தது. உங்களிடம் அவருக்கு என்ன வேலை இருக்கிறது?

பழைய முத்திரை, 14 ஆகஸ்ட் 2024

ஆடியோகிராம் எடுத்தாயிற்று. இடப்பக்கம் இருந்து வரைந்த கோடு நடுவரை மேசைபோல் சமமாகச் சென்று, அங்கிருந்து 4000 ஹெர்ட்ஸ் நோக்கிப் படிக்கட்டில் உருண்டதுபோல் இறங்குகிறது. இரு காதுக்கும் கருவி வேண்டுமாம். என் மனைவி இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று எண்ணுகிறேன்.

பழைய முத்திரை, 18 ஆகஸ்ட் 2024

வந்தார். இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் கேள்வியைத் தொடங்கியவன் நான்.

28ஆம் தேதி வாசலில் அவர் சொன்னது இதுதான்: பாட்டிக்கு உடம்பு மிகவும் மோசமாகிவிட்டது, இரவே ஊருக்குப் போகிறேன், திரும்ப நாளாகலாம். நான் அதற்குச் சிரித்துக்கொண்டே "ரொம்ப நல்லது, போயிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறேன். பாட்டி ஆகஸ்ட் 2ஆம் தேதி காலமாகிவிட்டார். நான் எழுதாமல் இருந்ததை அவரும், அவர் எழுதாமல் இருந்ததை நானும் இரண்டு வாரம் அவரவர் விருப்பப்படி படித்துக்கொண்டிருந்திருக்கிறோம். பெயர் சொல்லச் சொன்னதற்கும் அவர் வராததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

என் காது விவரத்தைச் சொன்னேன். "நீங்க சிரிச்சதும், இவருக்கு ஏன் சொன்னோம்னு ஆயிடுச்சு சார்" என்றார். ஏழு மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் குறை அது. "சார்" திரும்பி வந்துவிட்டதை நானும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு பையிலிருந்து பாட்டியின் அஞ்சலகச் சேமிப்புப் புத்தகத்தை எடுத்தார். நியமனதாரராக எழுதியிருந்தது தாத்தாவின் பெயர். அவர் முன்பே இறந்துவிட்டார். இந்த நிலையில் இறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, வாரிசுகள் யார் என்று நிறுவ வேண்டும், அம்மாவின் உடன்பிறந்தார் எல்லாரிடமும் சம்மதக் கையெழுத்தும் வாங்க வேண்டும். படிவத்தை நிரப்ப ஒன்றரை மணி நேரம் பிடித்தது. சதுரங்கம் ஆடவில்லை.

அரைக்கிணறு, 18 ஆகஸ்ட் 2024

இதோ, வேலை இருந்தது என்று தெரிந்துவிட்டதே.

மூன்றாம் மருமகள், 18 ஆகஸ்ட் 2024

ஏழு மாதத்துக்கு முன்பே பாட்டி இறப்பார், புத்தகத்தில் தாத்தா பெயர் இருக்கும் என்று தெரிந்து காய் நகர்த்தினார் என்கிறீர்களா? உதவி கேட்பது எப்போதும் காரியவாதம் ஆகிவிடுமா? என் மாமியார் தலைவாரச் சொன்னதும் காரியம்தான்.

மொழிப்பித்தன், 19 ஆகஸ்ட் 2024

அரைக்கிணற்றாரின் ஐயத்தை நான் தள்ளிவிடவில்லை. பெரியவரின் அறிவை மட்டும் பயன்படுத்திக்கொள்ளும் இளையவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எனக்குப் புத்தகத்தைவிட அந்தக் குறைதான் பெரிதாகத் தெரிகிறது. பெரியவரிடம் உதவி கேட்க நம் ஊரில் இளையவருக்கு அனுமதி உண்டு. "உங்கள் செய்கை எனக்கு வலித்தது" என்று சொல்ல அனுமதி கிடையாது. சங்கத் தலைவர் சிரித்திருந்தால் அவரிடம் அப்படிச் சொல்லியிருப்பாரா?

முதல் நாளே எழுத மறந்த ஒன்றும் உண்டு. இளையவரின் கட்டாயச் செய்கைகளை நீக்கச் சொன்னேனே, மூத்தவருடையதையும் நீக்க வேண்டும். அறிவுரை சொல்வது, சாப்பிட வற்புறுத்துவது, சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது என்று கேட்பது எல்லாம் நமக்கு எளிதாகக் கிடைத்த உரிமைகள். அவற்றை அன்பு என்று எண்ணித்தான் செய்கிறோம், ஆனால் யாரிடமும் செய்வோம். அந்த இளைஞர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஐயா இதுவரை கட்டாயமில்லாமல் செய்தது என்ன?

பழைய முத்திரை, 19 ஆகஸ்ட் 2024

இரண்டு நாள் யோசித்தாலும் ஒன்றுதான் கிடைக்கும். காது கேட்கவில்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். என் மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

இரவுப்பணி, 20 ஆகஸ்ட் 2024

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. என் வீட்டு உரிமையாளருக்கு 70 வயது. நான் இரவு வேலை முடிந்து வரும்போது தினமும் விழித்திருந்து கதவைத் திறக்கிறார், "ஏன் இவ்வளவு நேரம்" என்கிறார். நான் கண்காணிப்பு என்று நினைத்திருந்தேன்.

செவித்திறன், 20 ஆகஸ்ட் 2024

முதியவர்களுக்கு உறக்கம் இலேசாகி அடிக்கடி விழிப்பு வரும். அவர் எப்படியும் விழித்திருக்கலாம். சாவி கேட்டுப் பாருங்கள். கொடுத்துவிட்டு அப்போதும் எழுந்து வந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

பழைய முத்திரை, 1 செப்டம்பர் 2024

காதுக் கருவி வந்த பிறகு முதல் ஞாயிறு. விசிறியின் சத்தம் விமானம் இறங்குவது போலிருந்ததால் அதை நிறுத்திவிட்டு வியர்த்தபடி ஆடினோம். காயை வைக்கும்போது பலகையில் எழும் "டக்" என்ற ஒலியை எத்தனை ஆண்டுக்குப் பிறகு கேட்கிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் மாதக் குதிரையைப் பற்றி நான் கேட்கவில்லை; கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், அதையும் நீக்க வேண்டியிருக்கும். தொடங்கும் முன், என் தாத்தாவிடம் நானும் வேண்டுமென்றே தோற்றதுண்டு என்று பொதுவாகச் சொன்னேன். (தாத்தா புலியுடையவர், மன்னிக்கவும்.) அவர் பதில் சொல்லாமல் காய்களை அடுக்கினார். 34ஆம் நகர்த்தலில் என் யானையைக் குதிரையால் வெட்டிவிட்டு, கருவியைக் காட்டி, "செக் சார். கேட்டுச்சா?" என்றார்.

சதுரங்கப் புலி, 1 செப்டம்பர் 2024

34 நகர்த்தலையும் எழுதி அனுப்புங்கள். யானையை நீங்கள் அங்கே வேண்டுமென்றே வைத்தீர்களா என்று பார்க்க வேண்டும்.